மகன் போட்ட நட்சத்திரங்கள்

கேள்வி: திருப்பூரில் சைவ உணவகம் நடத்துகிறேன். சம்பள பாக்கித் தகராறில் வேலையை விட்டு நின்றவர், ஆட்களை வைத்து கூகுள் மேப்ஸில் ஒரே இரவில் இருபதுக்கும் மேற்பட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனங்களைப் போட வைத்ததாகச் சந்தேகிக்கிறேன். 'கோழிக் குழம்பு கெட்டுப்போயிருந்தது' என்றுகூட ஒன்று இருக்கிறது. என் மகனும் அவன் கல்லூரி நண்பர்களும் ஐந்து நட்சத்திரம் போட்டுச் சமாளிக்கிறார்கள். அந்த ஆளின் பெயரைப் போட்டே பதில் எழுதட்டுமா?

பதில்: அம்மா, மகனைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்குக் கவலையளிக்கிறது. உங்கள் கடையில் வாங்கிச் சாப்பிடாத நண்பர்களைக் கூட்டி வந்து புகழ வைப்பதும் பொய் விமர்சனம்தான். பிள்ளைக்குத் தொழிலைக் கற்றுக்கொடுக்க வேண்டிய தாய், கடையின் பெயரைச் சொல்லி அவனைப் பொய்க்குப் பழக்கலாமா? கடை உரிமையாளரின் குடும்பத்தார் விமர்சனம் எழுதுவதை கூகுளின் விதிகளும் ஏற்பதில்லை. கண்டுபிடித்தால் புதிய விமர்சனங்கள் வராதபடி சில காலம் தடுக்கலாம். போலி விமர்சனங்கள் நீக்கப்பட்டன என்ற எச்சரிக்கையை உங்கள் கடையின் பக்கத்திலேயே காட்டவும் செய்யலாம். அவரவர் எழுதியதை அவரவரே இன்றே நீக்கட்டும்.

பிறகு அந்த ஒற்றை நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக, எழுதியவர் பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விமர்சனத்தின் ஓரத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டுப் புகார் அளிக்கலாம். முடிவு தெரியச் சில நாட்களாகும். விதிமீறல் இல்லை என்று பதில் வந்தால் மேல்முறையீடு செய்ய ஒருமுறை வாய்ப்புண்டு, ஆகவே ஆதாரத்தைத் திரட்டிக்கொண்டு அதைப் பயன்படுத்துங்கள். யார் சொல்வது உண்மை என்று கூகுள் பஞ்சாயத்து செய்யாது. விதியை மீறியதா என்று மட்டுமே பார்க்கும். 'சாம்பார் ஆறிப்போயிருந்தது' என்பது போன்ற குறையை அது நீக்காது. அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதால், அதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதுவதே முறை.

கோழிக் குழம்புக்கு இவ்வளவு போதும்: "வணக்கம். எங்களுடையது சைவ உணவகம். இங்கே கோழிக் குழம்பு சமைப்பதில்லை. வேறு கடையை நினைத்து எழுதியிருக்கலாம். எங்களிடம் சாப்பிட்டதில் குறை இருந்தால், நாளையும் நேரத்தையும் தெரிவியுங்கள்." இந்தப் பதிலை, விமர்சனம் எழுதியவருக்காக அல்ல, நாளை கடை தேடி வருகிறவர் படிப்பதற்காக எழுதுகிறீர்கள். அதனால் இருபது பேருக்கும் ஒரே பதிலை ஒட்டாதீர்கள். அவர்கள் மறுபடி எழுதினாலும் நீங்கள் மறுபடி எழுதாதீர்கள்.

பெயரைப் போடவே கூடாது. உங்களிடம் இருப்பது சந்தேகம் மட்டுமே. அதைப் பொதுவெளியில் எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின் கீழ் அவதூறு வழக்கு உங்கள் மீதே வரக்கூடும்.

அந்தச் சம்பள பாக்கி உண்மையென்றால், விமர்சனத்தை நீக்கச் சொல்லிப் பேரம் பேசாமல், கணக்குப் பார்த்து அவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் அடுப்படியில் உழைத்தவருக்கு நீங்கள் பட்ட கடன் அது. அவர் என்ன செய்திருந்தாலும் அந்தக் கடன் தீர்ந்துவிடாது.