நாப்தலீன் எரிந்தபின் நீர் எந்த நிலையில் இருக்கிறது?

«ஐயா, ஈரோட்டில் இளநிலை வேதியியல் படிக்கிறேன். பாம் கலோரிமீட்டரில் நாப்தலீனை எரித்ததில் ஒரு மோலுக்கு 5152 கிலோஜூல் வந்தது. அதை என்தால்பி மாற்றமாக்க, வாயு மோல்களின் மாற்றத்தை −2 என்று நான் போட்டேன். எரிந்தால் நீராவிதானே வரும், +2 போட வேண்டும் என்கிறாள் தோழி. திருப்பூரில் சாயப்பட்டறை பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் என் மாமாவும் நீராவி என்றே சொல்கிறார். எது சரி?»

உங்கள் கருவி தந்த எண்ணுக்கு −2 தான் சரி. தோழியும் மாமாவும் சொல்லும் நீராவி, வேறொரு வினைக்கு உரியது. அந்த வினைக்கு 5152 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ள முடியாது. இந்த இரண்டாவது செய்தியைத்தான் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எஃகுக் கலனுக்குள் கன அளவு மாறுவதில்லை. ஆகவே வாயுக்கள் விரிந்தோ சுருங்கியோ வேலை செய்ய இடமில்லை. வெளிவந்த வெப்பம் முழுவதும் அக ஆற்றலில் ஏற்பட்ட குறைவே. உங்கள் அளவீட்டை ஒத்த கணக்கு ஒன்றைப் பாருங்கள். 1.000 கிராம் பென்சாயிக் அமிலம் எரியும்போது 26.43 கிலோஜூல் வெளிவரும். எரிகம்பியின் பங்கு 0.05 கிலோஜூல் என்று கொண்டு, வெப்பநிலை 2.627 கெல்வின் உயர்ந்தால், கருவியின் வெப்ப ஏற்புத்திறன் கெல்வினுக்கு 10.08 கிலோஜூல் ஆகிறது. அதே கருவியில் 0.640 கிராம் நாப்தலீன் 2.557 கெல்வின் உயர்வைத் தந்தால், மொத்த வெப்பம் 25.77 கிலோஜூல், கம்பியின் பங்கைக் கழித்தால் 25.72. எரிந்தது 0.004993 மோல் என்பதால் ஒரு மோலுக்கு 5152 கிலோஜூல். வெப்பம் வெளியேறியதால் எதிர்க்குறியோடு எழுத வேண்டும்.

```
C10H8(s) + 12 O2(g) → 10 CO2(g) + 4 H2O(l)
ΔU = −5152 kJ/mol
ΔH = ΔU + Δn(g)·R·T
Δn(g) = 10 − 12 = −2
ΔH = −5152 + (−2)(0.008314)(298) = −5157 kJ/mol
```

வாயுக்களை மட்டும் எண்ணுவதன் காரணம் எளிது. 25 டிகிரி செல்சியஸில் ஒரு மோல் வாயு ஏறத்தாழ 24.8 லிட்டர் இடம் பிடிக்கும்; ஒரு மோல் நாப்தலீன் சுமார் 0.11 லிட்டர்தான். திண்மத்தின் கன அளவை விட்டுவிட்டால் வரும் பிழை நூறில் ஒரு பங்கு கிலோஜூல் அளவே, அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இதே வினை திறந்த வெளியில், மாறாத அழுத்தத்தில் நடந்து, 12 மோல் ஆக்சிஜன் மறைந்து 10 மோல் கார்பன் டைஆக்சைடு மட்டும் மிஞ்சினால், வெளிக்காற்று அந்தச் சுருக்கத்தை நிரப்ப அழுத்தி, அமைப்பின்மீது வேலை செய்கிறது. அந்த வேலையும் வெப்பமாக வெளிவருவதால்தான், ΔH இன் எண்மதிப்பு ΔU ஐ விட 5 கிலோஜூல் கூடுதலாக இருக்கிறது. குறியைப் பற்றிய ஐயம் வரும்போது, வாயு சுருங்கினால் கூடுதல் வெப்பம் வெளிவரும் என்று இயற்பியலாகச் சிந்தித்துப் பார்ப்பது சூத்திரத்தை நினைவிலிருந்து எடுப்பதைவிட நம்பகமானது.

நீர் இங்கே திரவம் என்று எப்படித் தெரியும்? கலனில் சுமார் 30 பார் ஆக்சிஜனை நிரப்புமுன், அடியில் ஒரு மில்லிலிட்டர் நீர் விட்டிருப்பீர்கள். உள்ளிருக்கும் வாயுவை நீராவியால் முன்னதாகவே தெவிட்டச் செய்வதற்காகத்தான் அதைச் செய்கிறோம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் கொள்ளும் கலனில், 25 டிகிரியில் எட்டு மில்லிகிராம் நீராவிதான் நிற்க முடியும். 0.640 கிராம் நாப்தலீன் எரிந்து உண்டாகும் நீரோ 0.36 கிராம். தெவிட்டிய வாயுவில் அதற்கு இடமில்லாததால், சுடர் அடங்கிக் கலன் குளிர்ந்ததும் அது முழுவதும் திரவமாகப் படிந்துவிடுகிறது. படியும்போது அது விட்ட வெப்பத்தையும் சேர்த்தே வெப்பநிலைமானி காட்டுகிறது. சுடரில் ஒரு கணம் நீராவி இருந்தது உண்மைதான், ஆனால் தொடக்க நிலையும் இறுதி நிலையும் மட்டுமே கணக்கில் வரும்.

இப்போது தோழியின் +2 ஐ எடுத்துக்கொள்வோம். நீரை வாயுவாக எழுதினால் 14 − 12, அதாவது +2 என்பது சரியே. ஆனால் அந்த வினையின் ΔU வேறு. 25 டிகிரியில் ஒரு மோல் நீர் ஆவியாக அக ஆற்றல் 41.5 கிலோஜூலும் என்தால்பி 44.0 கிலோஜூலும் கூட வேண்டும். ஆகவே நான்கு மோலுக்கு 166 கிலோஜூல் சேர்த்தால் ΔU −4986 ஆகிறது. அதனுடன் 2RT, அதாவது 5 கிலோஜூல் கூட்டினால் ΔH −4981. நாம் முன்பு கண்ட −5157 உடன் நேரடியாக 4 × 44.0 = 176 ஐக் கூட்டினாலும் அதே −4981 வருகிறது. இரு வழியும் ஒரே இடத்தில் சேர்வது, கணக்கு சரி என்பதற்கான நல்ல சோதனை. −5152 உடன் +2 ஐப் போட்டால் −5147 வரும். அது எந்த வினைக்கும் உரிய எண் அன்று.

வேறொரு பிழை இன்னும் பெரிதாகக் காட்டிக்கொடுக்கும். R ஐ 8.314 என்று ஜூலில் வைத்துக்கொண்டு கிலோஜூலோடு கூட்டினால், 5 க்குப் பதில் 4955 சேர்ந்து, விடை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். எரிதல் வினைகளில் இந்தத் திருத்தம் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும். அதற்கு மேல் வந்தால் அலகைச் சரிபாருங்கள். T என்ற இடத்தில் கருவியின் வெப்பநிலை உயர்வான 2.557 ஐப் போடுவோரும் உண்டு. அங்கே வர வேண்டியது வினை நடக்கும் தனிவெப்பநிலை. மே மாதத்து ஈரோட்டு ஆய்வகத்தில் 35 டிகிரி என்றாலும், 2RT 4.96 இலிருந்து 5.12 க்குத்தான் நகரும்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் வெப்பநிலைமானி 0.01 கெல்வின் வரைதான் காட்டும் என்றால், 2.557 இல் அது 0.4 சதவீதப் பிழை. ஒரு மோலுக்கு 20 கிலோஜூல். அப்போது 5 கிலோஜூல் திருத்தம் அளவீட்டின் ஐயத்துக்குள்ளேயே மறைந்துவிடும். திருத்தத்தைச் செய்யத்தான் வேண்டும், ஆனால் −5157 இன் கடைசி இலக்கத்தை நம்பி எழுத முடியாது. பிழை எல்லையையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். உயர்துல்லிய ஆய்வுகளில் 30 பார் நிலையிலிருந்து திட்டநிலைக்கு மாற்ற வாஷ்பர்ன் திருத்தமும் செய்வார்கள். இளநிலை ஆய்வகத்தில் அது தேவைப்படாது.

உங்கள் மாமா சொல்வது அவருடைய பாய்லரைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. புகைபோக்கியில் போகும் வாயு 100 டிகிரிக்கு மேல் இருப்பதால் நீர் ஆவியாகவே வெளியேறுகிறது, அதன் வெப்பம் பாய்லருக்குக் கிடைப்பதில்லை. காய்ந்த விறகில் எடைக்கு எடை சுமார் 6 சதவீதம் ஹைட்ரஜன் உண்டு. ஒரு கிலோ விறகு எரிந்தால் 0.54 கிலோ நீர் உண்டாகும். அது ஆவியாகவே போனால் ஏறத்தாழ 1300 கிலோஜூல் இழப்பு. விறகில் ஈரம் இருந்தால் அந்த ஈரத்தை ஆவியாக்கவும் வெப்பம் செலவாகும். பாம் கலோரிமீட்டர் தருவது மொத்தக் கலோரி மதிப்பு; பாய்லர் கணக்கில் இந்த இழப்பைக் கழித்த நிகரக் கலோரி மதிப்பைப் பயன்படுத்துவார்கள். ஆய்வகப் பதிவேட்டில் சமன்பாட்டை எழுதும்போது, H2O அருகே (l) அல்லது (g) என்று முதலில் குறித்துவிட்டு, அதன் பிறகே Δn ஐ எண்ணுங்கள்.