பக்கத்து அறைக்கு எதற்கு வீடியோ?

*அம்மா, என் முதல் குழந்தைக்கு 5 வாரம் ஆகிறது. தூங்கும்போது கண் பாதி திறந்தே இருக்கிறது, கருவிழி அங்கும் இங்கும் ஓடுகிறது. திடீரென்று சிரிக்கிறான், பெருமூச்சு விடுகிறான், முனகுகிறான். கை எப்போதும் இறுக மூடியே இருக்கிறது. ஃபிட்ஸ் ஏதாவது இருக்குமோ என்று பயந்து, ராத்திரியெல்லாம் சோஃபாவில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பக்கத்து அறையில் தூங்கும் கணவருக்கு வீடியோ எடுத்து அனுப்புகிறேன், காலையில் பார்ப்பார். இதில் எது சாதாரணம்?*
*– ஒரு வாசகி, மதுரை*

பத்தடி தூரத்தில் படுத்திருக்கும் மனிதருக்கு எதற்கம்மா வீடியோ? கதவைத் தட்ட என்ன தயக்கம்? அவருக்குக் காலையில் வேலை இருக்கும், தெரியும். உனக்கு ராத்திரியும் வேலை, பகலும் வேலை. பிள்ளை இரண்டு பேருக்கும்தானே பிறந்தது?

உன் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது குழந்தையின் கண் இல்லை, அந்த சோஃபா. ஐந்து வாரமாகச் சரியாகத் தூங்காத ஒருத்தி, மடியில் பிள்ளையோடு சோஃபாவில் உட்கார்ந்தால் கண் அசராமல் இருக்காது. நீ அசரும் நேரத்தில் குழந்தை உன் மார்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நழுவினால், மூக்கு அமுங்கிவிடும். கைக்குழந்தையோடு பெரியவர்கள் தூங்கிப்போகும் இடங்களிலேயே ரொம்ப ஆபத்தானது சோஃபாதான். இல்லாத ஃபிட்ஸுக்குக் காவல் இருந்து, இருக்கிற ஆபத்தை மடியில் வைத்திருக்கிறாய்.

நீ எழுதியதில் முக்கால்வாசி ஒரே விஷயம். பெரியவர்கள் முதலில் ஆழ்ந்து தூங்கி, பிறகுதான் கனவுத் தூக்கத்துக்குப் போவோம். பச்சைக் குழந்தை நேராகக் கனவுத் தூக்கத்தில்தான் நுழையும். அதன் தூக்கத்தில் பாதி அப்படித்தான் கழியும். நமக்கு அந்த நேரத்தில் கை கால் அசையாதபடி மூளை கட்டிப்போட்டுவிடும். குழந்தைக்கு அந்தக் கட்டு இன்னும் இறுகவில்லை. அதனால் உள்ளே நடப்பதெல்லாம் வெளியே கசிகிறது: இமை பாதி திறக்கும், விழி ஓடும், உதடு சப்பும், முகம் கோணும், சிரிக்கும். 'நரி விரட்டுகிறது' என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இதைத்தான். உன்னைப் பார்த்துச் சிரிப்பது அப்புறம். ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் எதிர்பார்க்கலாம்.

பெருமூச்சு, சுருங்கிய நுரையீரல் அறைகளை மறுபடி விரித்துவிடுவதற்காக. மூச்சு ஐந்து, பத்து நொடி நின்று, பிறகு வேகமாக வாங்கும். அதுவும் இந்த வயதில் உண்டு. மூடிய கை வயிற்றுக்குள் சுருண்டிருந்த பழக்கம். மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் விரிந்துவிடும்.

முனகியதும் தூக்காதே. பாதிப் பேர் செய்யும் தப்பு இது. கனவுத் தூக்கத்தில் முனகும் பிள்ளையைத் தூக்கி, எழுப்பி, பால் கொடுத்துவிட்டு, 'இவன் தூங்கவே மாட்டேன் என்கிறான்' என்று அழுவார்கள். ஒன்றிரண்டு நிமிடம் பொறு. உண்மையாகவே விழித்தவன் கண்ணை முழுக்கத் திறந்து அழுவான், தன்னால் அடங்கமாட்டான்.

ஃபிட்ஸை எப்படித் தெரிந்துகொள்வது? உதறல் வந்தால் குழந்தையை எழுப்பு. தூக்கத்தில் மட்டும் வருகிற வெட்டுகள் விழித்ததும் நின்றுவிடும். விழித்த பிறகும் ஒரே தாளத்தில் கையோ காலோ வெட்டினாலும், விழி ஒரு பக்கமாக நிலைகுத்தி நின்றாலும் ராத்திரி என்று பார்க்காதே, கிளம்பு. மூச்சு 20 நொடிக்கு மேல் நின்றாலும், உதடு நீலம் பாரித்தாலும், ஒவ்வொரு மூச்சுக்கும் முக்கினாலும், விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் அதேதான். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணு. 60-க்கு மேல் போனால் திரும்ப எண்ணு, அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே காட்டு.

அழும்போதுகூட ஒரு கண் மட்டும் மூடவில்லை, ஒரு கை மட்டும் திறக்கவே இல்லை என்றால் அடுத்த தடுப்பூசிவரை காத்திராமல் டாக்டரிடம் சொல். சும்மா அரைக்கண் என்றால் விட்டுவிடு.

இன்று ராத்திரி சோஃபா வேண்டாம். கெட்டியான, சமமான மெத்தையில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வை. இரவு ஒன்பது மணிப் பால் கொடுத்ததும் நீ படு. ஒரு மணிவரை உன் கணவர் பார்க்கட்டும். நடுவில் பசித்து அழுதால் அவரே தூக்கி வந்து உன்னிடம் கொடுத்து, நீ பால் கொடுத்ததும் வாங்கிப்போய் ஏப்பம் எடுத்துப் படுக்க வைக்கட்டும். காலை எட்டு மணி வேலைக்கு இதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அப்படி முழுகுமானால், ஐந்து வாரமாக நீ எப்படி நிற்கிறாய் என்று அவரைக் கேள்.

அப்புறம், விழித்த பிறகும் நிற்காத உதறல் வந்தால் அதை மட்டும் வீடியோ எடு. அதை அவர் எடுக்கட்டும், நீ பிள்ளையைப் பிடித்துக்கொள். காட்ட வேண்டியது டாக்டரிடம்.