கொழுந்துத் தராசில் மிளகு: அளவை வழு பற்றிய கேள்வி பதில்

தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனை அறையில் பதினெட்டு வருஷம் தராசோடு கிடந்தேன். இப்போது பண்டாரவளையில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஆறு.

சேர், தனி வழு, சார்பு வழு இரண்டும் எதற்கு? ஒன்று போதாதா? (ஹட்டன், சாதாரண தர மாணவி)

போதாது, மகள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 100 கிராமுக்கு ஒரு கோடு இருக்கிறது என்று வைப்போம். முள் எந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அதைத்தான் வாசிப்போம். ஆகவே 50 கிராம் வரை அங்கே இங்கே தவறலாம். அந்த 50 கிராம்தான் தனி வழு. 20 கிலோ கொழுந்து என்றால் 50 கிராம் யாருக்கும் பொருட்டில்லை. 20,000 கிராமில் 50 என்பது 0.25 சதவீதம்.

அதே தராசில் வீட்டுத் தோட்டத்து மிளகு 250 கிராம் நிறுத்து விற்கிறீர்கள். தனி வழு அதே 50 கிராம்தான், தராசு மாறவில்லையே. ஆனால் 250இல் 50 என்பது 20 சதவீதம், ஐந்தில் ஒரு பங்கு. தனி வழு தராசைப் பற்றிப் பேசுகிறது. சார்பு வழு அதில் வைத்த பொருளையும் சேர்த்துப் பேசுகிறது.

எங்கள் வீட்டு மின்தராசு இரண்டு தசமதானம் காட்டும். அப்படியென்றால் அது துல்லியம், சரிதானே? (பதுளை, மளிகைக் கடைக்காரர்)

பாதி சரி, முதலாளி. இரண்டாம் தசமதானம் தெரிகிறது என்பதற்கும் அது உண்மை என்பதற்கும் நடுவில் தூரம் இருக்கிறது. ஒரே சீனிப் பொதியை ஐந்து தடவை எடுத்து எடுத்து வைத்துப் பாருங்கள். கடைசி இலக்கம் ஒவ்வொரு தடவையும் வேறாக வந்தால் அந்த இலக்கத்தை நம்ப வேண்டாம். ஐந்து தடவையும் ஒரே எண் வந்தாலும் தராசு எப்போதும் 30 கிராம் கூட்டியே காட்டிக்கொண்டிருக்கலாம். அதை எடை தெரிந்த படிக்கல் ஒன்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

நான் தொழிற்சாலையில் ஈரப்பதன் பார்க்கிறேன். கல்குலேட்டரில் 3.18725 வருகிறது. அப்படியே புத்தகத்தில் எழுதுகிறேன். மேலதிகாரி திட்டுகிறார். ஏன்? (தலவாக்கலை)

திட்டினது நியாயம், தம்பி. என் பழைய வேலை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தேயிலைத்தூளில் ஏறக்குறைய 5 கிராம் எடுத்து நிறுத்து, 103 பாகை அடுப்பில் உலர்த்தி, ஆறவிட்டுத் திரும்ப நிறுப்பீர்கள். குறைந்த நிறைதான் ஈரம். உங்கள் தராசு 0.01 கிராம் வரை காட்டும் என்று நினைக்கிறேன். முதலில் 5.02, பிறகு 4.86. இரண்டிலும் மூன்று பொருளுடைய இலக்கங்கள் இருக்கின்றன. கழித்தால் 0.16. முன்னால் இருக்கும் பூச்சியம் தசமப் புள்ளிக்கு இடம் பிடித்துக்கொடுக்கிறதே தவிர ஒன்றும் அளக்கவில்லை. மிஞ்சியது 1, 6 என்ற இரண்டு இலக்கம்தான். ஒன்று கழித்தலிலேயே போய்விட்டது.

வழுவுக்கு என்ன ஆயிற்று? ஒவ்வொரு வாசிப்பிலும் 0.005 தவறலாம். மோசமான நாளில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் தவறினால் வித்தியாசத்தில் 0.01 தவறும். 5.02இல் அது தூசி. 0.16இலோ 6 சதவீதத்துக்கு மேல். நெருங்கிய இரண்டு எண்களைக் கழிக்கும்போது பொருள் சுருங்கிவிடுகிறது, வழு மட்டும் சுருங்காமல் நிற்கிறது. 0.16ஐ 5.02ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்கள் 3.18725 சதவீதம். அந்த 3.18725இல் 6 சதவீதம் என்பது ஏறக்குறைய 0.2. அப்படியிருக்க நான்காம் ஐந்தாம் தசமதானத்தை எழுதி என்ன பிரயோசனம்? 3.2 என்று எழுதுங்கள், பக்கத்தில் ±0.2 போடுங்கள்.

இதே வேலையை 0.1 கிராம் தராசில் செய்த புண்ணியவான் ஒருவரை எனக்குத் தெரியும். 4.86ஐ அந்தத் தராசு 4.9 என்று காட்டும். 5.0இல் 4.9 போக 0.1, ஈரம் 2 சதவீதம். அடுத்த மாதிரி 4.84 என்றால் 4.8 என்று காட்டும், ஈரம் 4 சதவீதம். 0.02 கிராம் வித்தியாசத்துக்கு அறிக்கை இரட்டிப்பாகிவிட்டது! ஒரே பெட்டித் தூள் காலையில் 2, மாலையில் 4 என்று தாவினால் தூளைச் சந்தேகிக்குமுன் தராசைப் பாருங்கள்.

அப்போ 50 கிராம் எடுத்தால் சின்னத் தராசே போதுமே? (அதே தம்பி)

கணக்கில் போதும். இழப்பு 1.6 கிராம், வழு 0.1, சார்பு வழு அதே 6 சதவீதம். ஆனால் 50 கிராம் தூள் கிண்ணத்தில் கனமாகக் கிடக்கும், அடியில் இருப்பது அதே நேரத்தில் உலராது. ஈரம் குறைவாகக் காட்டும். இந்த வழு இலக்கத்தை எண்ணினால் பிடிபடாது.

ஐயா, எங்களுக்குக் கொழுந்தில் தினமும் ரெண்டு கிலோ கழிக்கிறார்கள். இந்த வழுதானா அது? (பெயர் வேண்டாம் என்ற ஓர் அக்கா)

இல்லை அக்கா. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று சொல்லிக் கழிப்பது வழு இல்லை, ஒரு முடிவு. சாக்கை வெறுமனே நிறுத்துப் பார்த்தால் அதன் பங்கு தெரியும். ஈரத்தின் பங்கு மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் மாறும். இரண்டும் சேர்ந்து ரெண்டு கிலோ வருமா என்று இங்கே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது.

ஆனால் என் கணக்குக்குள் வருகிற ஒன்றையும் கவனியுங்கள். 17.7 கிலோவை 17 என்று எழுதுகிறார்களா, 18 என்றா? கிட்டிய கிலோவுக்கு மட்டந்தட்டினால் சில நாள் கூடும், சில நாள் குறையும், மாசக் கடைசியில் ஏறக்குறைய சரியாகிவிடும். எப்போதும் கீழே வெட்டினால் சராசரியாக நாளுக்கு அரைக் கிலோ போகும். 24 நாள் வேலை என்றால் 12 கிலோ. துண்டில் தசமதானம் இருக்கிறதா என்று பாருங்கள்.

4.346ஐ ஒரு தசமதானத்துக்கு எழுதினால் 4.4 என்று அண்ணன் சொல்கிறான். 4.346 → 4.35 → 4.4. நான் 4.3 போட்டேன். யார் சரி? (நுவரெலியா, தரம் 9)

நீங்கள்தான் சரி. 4.346க்கு 4.3 எவ்வளவு தூரம்? 0.046. 4.4 எவ்வளவு தூரம்? 0.054. அண்ணன் இரண்டு படி ஏறினான், முதல் படியில் பிறந்த வழுவை இரண்டாம் படியில் வளர்த்துவிட்டான். மட்டந்தட்டுவதை முதல் எண்ணிலிருந்து ஒரே தடவையில் செய்ய வேண்டும். நீண்ட கணக்கில் நடுவில் இலக்கங்களை வெட்டாதீர்கள், விடையில் வெட்டுங்கள்.

சரியாக 4.35 என்றே தந்தால்? பாடசாலையில் 4.4. சில ஆய்வுகூடங்களில் இரட்டை இலக்கத்தின் பக்கம் தள்ளுவார்கள், அங்கேயும் இதற்கு 4.4தான். 4.25 என்று கேட்டால்தான் சண்டை வரும்: உங்கள் ஆசிரியர் 4.3 என்பார், அவர்கள் 4.2 என்பார்கள். பரீட்சைக்கு ஆசிரியர் பக்கம் நில்லுங்கள்.