"எண்ணலையா?" என்று கேட்டால் கோபம் வரத்தான் செய்யும்

கேள்வி: டைல்ஸ் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பில்லும் குடோன் நோட்டும் ஒத்துவராதபோது குடோன் அண்ணனிடம் கேட்டாக வேண்டும். "ஏன்ணே ரெண்டு பெட்டி குறையுது, எண்ணலையா?" என்றுதான் கேட்டேன். "என்னைத் திருடன்னு சொல்றியா?" என்று கத்திவிட்டார். நான் அவரைச் சந்தேகப்படவே இல்லை. வேறு எப்படிக் கேட்பது?
- வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் மனதில் சந்தேகம் இல்லை, சரி. கேள்வியில் இருக்கிறதே! "எண்ணினீங்களா?" என்றால் ஆம், இல்லை இரண்டுக்கும் இடம் உண்டு. "எண்ணலையா?" என்றால், அவர் எண்ணவில்லை என்று நீங்கள் முடிவுகட்டிவிட்ட மாதிரி காதில் விழும். "நீங்கதானே இறக்கினீங்க?" என்பதும் அப்படித்தான். அந்தத் "தானே" பொறுப்பைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிடுகிறது.

"குறையுது" என்ற சொல்லையும் கவனியுங்கள். பில்லில் 50, நோட்டில் 48 என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். பெட்டி குறைந்ததா, எழுதும்போது விட்டுப்போனதா என்பது இன்னும் தெரியாது. அதற்குள் "ஏன்" என்று ஆரம்பித்தால், நடந்ததோ இல்லையோ, அவர் காரணம் சொல்லியாக வேண்டியதாகிவிடுகிறது.

அடுத்த முறை பில்லையும் நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அவருக்கு எதிரே நிற்காமல் பக்கத்தில் நின்று இரண்டையும் காட்டுங்கள். "அண்ணே, பில்லுல 50 போட்டிருக்கு, நோட்டுல 48 இருக்கு. சாயங்காலத்துக்குள்ள கணக்கு முடிக்கணும். அன்னைக்கு லோடு இறங்கினப்போ என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் சொல்றீங்களா?" இதில் எங்கேயும் "நீங்க செஞ்சீங்களா" இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதும் முதலிலேயே வந்துவிடுகிறது. அது தெரியாதபோதுதான் மனிதர்கள் தாங்களாக ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்கள்.

கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் யோசிப்பதற்குள் "யார் இறக்கினது? எத்தனை மணிக்கு?" என்று அடுக்கினால் அது போலீஸ் விசாரணைதான். "ரெண்டு பெட்டி உடைஞ்சு வந்துச்சும்மா, லாரியிலேயே திருப்பி அனுப்பிட்டேன்" என்று அவரே சொல்லக்கூடும். அப்போது, "சரிண்ணே, அதை நோட்டுல ஒரு வரி எழுதிடலாமா?" என்றால் போதும். "அப்பவே எழுதியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதுவரை பேசியது அத்தனையும் வீணாகிவிடும்.

இரண்டு விஷயங்களில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. லோடுமேன்கள் முன்னாலோ முதலாளி முன்னாலோ இதைக் கேட்காதீர்கள்; எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் அவமானமாகத்தான் படும். "நான்தான் தப்பா பார்த்தேன் போல" என்று பொய்யாகவும் சொல்லாதீர்கள். தினமும் குடோனைப் பார்ப்பவருக்கு அந்த நடிப்பு உடனே தெரிந்துவிடும்.

மாதாமாதம் இப்படி எண்ணிக்கை இடித்தால் அது கேட்கும் விதத்தால் தீராது. லோடு இறங்கும்போதே நீங்களும் போய் நின்று, இருவரும் சேர்ந்து எண்ணி, ஒரே தாளில் கையெழுத்துப் போடும்படி முதலாளியிடம் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.