சரிபார்த்தும் தப்பான விடை

“ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 2x + 3y = 12, 2x − 5y = −4 என்ற ஒருங்கமை சமன்பாடுகளுக்கு ஒரு பையன் x = 18, y = −8 என்று எழுதியிருக்கிறான். ‘சரிபார்த்துட்டேன் டீச்சர், சரியா வருது’ என்கிறான். தப்பைச் சீக்கிரம் பிடிப்பது எப்படி? அவன் மனம் சுருங்காமல் என்ன எழுதுவது?”

பையன் பொய் சொல்லவில்லை. முதல் சமன்பாட்டில் போட்டால் 36 − 24 = 12 வரத்தான் செய்யும். ஏனென்றால் y கிடைத்ததும் அதில் பிரதியிட்டுத்தான் x-ஐக் கண்டுபிடித்திருப்பான். y எவ்வளவு தப்பாக இருந்தாலும் அந்தச் சமன்பாடு ஒத்துப்போகும். இரண்டாவதில் போட்டால் 36 + 40 = 76. ஆக, பிரதியிட்டது சரி. தப்பு y வருவதற்கு முன்னால் இருக்கிறது.

இனி அவனுடைய வரிகளைப் பாருங்கள். இப்படித்தான் இருக்கும்:

```
2x + 3y = 12
2x − 5y = −4
−2y = 16
y = −8
2x − 24 = 12
x = 18
```

சரியான விடை x = 3, y = 2. அதை மேலிருந்து ஒவ்வொரு வரியிலும் போட்டுக்கொண்டே வாருங்கள். முதல் இரண்டும் ஒத்துப்போகும். மூன்றாவதில் −4 = 16 என்று உடைகிறது. முதலில் உடைகிற வரியில்தான் தப்பு. அதற்குக் கீழே அவன் செய்ததெல்லாம் முறைப்படி சரி, அதனால் அந்தப் படிகளுக்கு மதிப்பெண் கொடுங்கள்.

வலப்பக்கம் 12 − (−4) = 16 என்று சரியாகக் கழித்தவன், இடப்பக்கம் 3y − (−5y) என்பதை 3y − 5y ஆக்கிவிட்டான். டியூஷன் சென்டர்களில் “அடியில் குறியை மாத்து” என்று காரணம் சொல்லாமல் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பிள்ளைகளும் ஒரு குறியை மாற்றி இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள். (2x + 3y) − (2x − 5y) என்று அடைப்புக்குறி போட்டு ஒரு வரி எழுதப் பழக்குங்கள். கைடுகளில் இடம் மிச்சம் பிடிக்க அந்த வரியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

நோட்டில் ‘கவனக்குறைவு’ என்று எழுதாதீர்கள். அவன் கவனித்த இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லித் தொடங்குங்கள்: “12 − (−4) = 16 என்று குறியைச் சரியாக மாற்றியிருக்கிறாய். −5y-க்கும் அதையே செய்து பார். வருகிற விடையை இரண்டாவது சமன்பாட்டில் போட்டு என்னிடம் காட்டு.” விடையை நீங்களே எழுதிவிட வேண்டாம். நோட்டைப் பார்வையிட வருகிறவர்கள் சிவப்பு மையைத்தான் எண்ணுகிறார்கள் என்பதற்காகப் பக்கம் முழுக்கத் திருத்தி வைத்தால், பையன் அதைப் பார்த்து எழுதிவிட்டுப் போய்விடுவான்.

கீழே 4x + y = 9, 4x − 3y = −11 என்று ஒரு கணக்கு கொடுங்கள். விடை x = 1, y = 5. வேறு கணக்கு கொடுப்பதானால் y = 0 வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2x + 3y = 6, 2x − 5y = 6 என்று கொடுத்தால், அதே தப்பைச் செய்து −2y = 0 என்று எழுதுகிறவனுக்கும் y = 0, x = 3 என்று சரியான விடை வந்துவிடும். இரண்டு சமன்பாட்டிலும் ஒத்துப்போகும். மேலே சொன்ன சோதனையில்கூட எந்த வரியும் உடையாது. பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான் என்பதால் y-இன் குணகத்தில் இருக்கிற தப்பு வெளியே தெரிவதில்லை. விடைத்தாளில் அப்படி ஒன்று வந்தால் விடையை மட்டும் பார்க்காமல், கழித்த வரியைக் கண்ணால் படித்துப் பாருங்கள்.