மச்சானின் கடிதமும் இரண்டு கோடிக் காப்புறுதியும்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் நாங்கள் நான்கு பேர் பணிப்பாளர்களாக இருந்து அரிசி ஆலைக் கம்பனி நடத்துகிறோம். பணிப்பாளர்கள் மேல் வரும் எந்த வழக்கையும் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு முகவர் இரண்டு கோடி ரூபாய்க்குப் பொறுப்புக் காப்புறுதி கொண்டுவந்திருக்கிறார். முன்பு பணிப்பாளராக இருந்த, 30 வீதப் பங்கு வைத்திருக்கும் மச்சான் போன மாதம் சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பினார். சேமலாப நிதி நிலுவையும் இருக்கிறது. வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட பிணையும் போட்டிருக்கிறோம். எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் நீங்கள் எழுதிய மூன்றுக்கும் அதிலிருந்து காசு வரும் என்று நினைக்க வேண்டாம்.

பிணையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது வங்கியோடு நீங்கள் சொந்தப் பெயரில் செய்துகொண்ட ஒப்பந்தம். பணிப்பாளராக இருந்து எடுத்த முடிவில் பிழை விட்டீர்கள் என்று யாராவது கேட்கும் பணத்துக்குத்தான் இந்தக் காப்புறுதி. கம்பனி கடனைக் கட்டாவிட்டால் வங்கி உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

சேமலாப நிதியும் அப்படித்தான். தொழிலாளியின் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் கட்டியே ஆகவேண்டிய கடன், நட்டஈடு அல்ல. பிந்தினால் மேலதிகக் கட்டணம் 50 வீதம் வரை ஏறும். இது வழக்காகிக் குற்றவாளி என்று தீர்ப்பானால் தண்டப்பணத்தையும் காப்புறுதி கட்டாது. குற்றவியல் பொறுப்புக்குப் பணிப்பாளர் பெயரில் கம்பனி காப்புறுதி எடுப்பதை 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமே தடுக்கிறது.

மச்சானின் கடிதம்தான் சிக்கலானது. இந்த வகைக் காப்புறுதி, பிழை எப்போது நடந்தது என்று பொதுவாகப் பார்க்காது; கோரிக்கை முதல்முறை எழுத்தில் எப்போது வந்தது என்றுதான் பார்க்கும். உங்களுக்கு அது போன மாதமே வந்துவிட்டது. முன்மொழிவுப் படிவத்தில் ‘தெரிந்த கோரிக்கை ஏதும் உண்டா’ என்று கேட்கும் இடத்தில் இல்லை என்று போட்டால், பிறகு வேறு விஷயத்துக்குக் காசு கேட்கும்போதும் காப்புறுதியையே செல்லாததாக்க இடம் கொடுத்துவிடுவீர்கள். உண்டு என்று எழுதினால் அந்தத் தகராறை மட்டும் ஒதுக்கிவைத்துத் தருவார்கள். அதுதான் நல்லது.

கடிதம் வராமல் இருந்திருந்தாலும் இன்னும் இரண்டு விலக்குகள் குறுக்கே நிற்கும். காப்புறுதி பெற்றவர் ஒருவர் இன்னொருவர் மேல் போடும் வழக்கைப் பல பத்திரங்கள் விலக்குகின்றன. சிலவற்றில் முன்னாள் பணிப்பாளரும் அந்தக் கணக்கில் வருவார். பெரிய பங்குதாரர் போடும் வழக்கைத் தனியாக விலக்கும் பத்திரங்களும் உண்டு. 30 வீதக்காரர் நிச்சயம் பெரிய பங்குதாரர்தான். குடும்பக் கம்பனிகளில் சண்டை பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் வரும். அதனால் இந்த இரண்டு விலக்குகளையும் முதலில் தேடிப் படியுங்கள். வழக்குச் செலவையாவது விலக்கிலிருந்து விட்டுவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

சரி, எதற்கு இது உதவும்? ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். அம்பாறைப் பக்க விவசாயிகளிடம் கடனுக்கு நெல் வாங்குகிறீர்கள். காசு தர முடியாது என்று தெரிந்தும் வாங்கினீர்கள் என்று அவர்கள் உங்கள் நான்கு பேர் மேலும் 1 கோடி 80 இலட்சத்துக்கு வழக்குப் போடுகிறார்கள். காப்புறுதிக் காலத்துக்குள் முதல் கடிதம் வந்து நீங்களும் உடனே அறிவித்திருந்தால், சட்டத்தரணிக் கூலியையும் தீர்ப்பான நட்டஈட்டையும் இது கொடுக்கும். ஏமாற்று என்று சொல்லப்பட்டதற்காக மட்டும் கைவிடாது. நல்ல பத்திரத்தில், நீதிமன்றம் இறுதியாக மோசடி என்று முடிவு சொல்லும் வரை வழக்குச் செலவைக் கட்டிவருவார்கள். அந்த முடிவு வந்தால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள். ஒருவர் செய்த மோசடி மற்ற மூவரையும் இழுக்காதபடி ஒரு வாசகமும் இருக்க வேண்டும்.

ஆனால் இரண்டு கோடி என்பது பெரும்பாலும் வழக்குச் செலவையும் சேர்த்துத்தான். வழக்கு மூன்று வருடம் இழுத்து 40 இலட்சம் செலவானால் கையில் மிஞ்சுவது 1 கோடி 60 இலட்சம். முழுத் தொகைக்குத் தீர்ப்பானால் 20 இலட்சம் உங்கள் நான்கு பேர் சட்டைப் பையிலிருந்து போகும். கம்பனியே உங்களுக்காகக் காசு கட்டிவிட்டுப் பிறகு காப்புறுதியில் மீட்டால், முதலில் ஒரு தொகையைக் கம்பனியே சுமக்கும் நிபந்தனை இருக்கும். கம்பனி வங்குரோத்தாகிக் கட்ட முடியாமல் நீங்கள் நேரே கோரும்போது அந்தத் தொகை பொதுவாகக் கழிக்கப்படாது. ஆனால் வங்குரோத்தை விலக்கும் வாசகம் இருந்தால், இந்தக் கதையில் பாதுகாப்பே போய்விடும். அதை முகவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன் கம்பனியின் அமைப்பு விதிகளைப் பாருங்கள். பணிப்பாளருக்காகக் கம்பனி காப்புறுதி எடுக்க அதில் அனுமதி இருக்க வேண்டும், பணிப்பாளர் சபையின் ஒப்புதலும் முன்கூட்டியே வேண்டும். அப்புறம், உங்களில் ஒருவர் அடுத்த வருடம் விலகுகிறார் என்றால், காப்புறுதி முடிந்த பிறகும் பழைய செயல்களுக்காக வரும் கோரிக்கையைப் பார்க்கும் நீட்டிப்பு எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்று இப்போதே விலை கேட்டு வையுங்கள்.