முறுக்குவிசை ரீடிங்கிலிருந்து பாகுத்தன்மை: கடல்பாசி லேப்காரர்களின் கேள்விகள்

கேள்வி (மண்டபம் பக்கத்திலிருந்து, தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்ப்பவர்): அண்ணே, பாசியிலேர்ந்து எடுத்த கராஜீனனை 1.5% கரைசலா காய்ச்சி, 75 டிகிரியில பாகுத்தன்மை அளக்குற விஸ்காமீட்டர் மெஷின்ல 60 ஆர்பிஎம்ல ஓட்டுறோம். டார்க் 50%னு காட்டுது. ஆடிட்டுக்கு வந்தவரு "இது எப்படி சென்டிபாய்ஸ் ஆகுது, கையால போட்டுக் காட்டு"ன்னு கேட்டாரு. முழிச்சுக்கிட்டு நின்னேன். உள் உருளை ஆரம் 20 மி.மீ., கப் 22, நீளம் 60. மெஷினோட முழு அளவு 0.72 மில்லிநியூட்டன் மீட்டர்.

பதில்: தங்கச்சி, தேவையான அளவெல்லாம் கொடுத்துவிட்டீர்கள். மெஷினுக்குள் இருக்கும் சுருள்வில் எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதைத்தான் அந்த சதவீதம் சொல்கிறது. 0.72-ல் 50% என்றால் 0.36 மில்லிநியூட்டன் மீட்டர். உள் உருளை சுழலும்போது இடைவெளியில் உள்ள கரைசல் அதைப் பின்னுக்கு இழுக்கும் அளவு இது. T என்பது டார்க், அதாவது முறுக்குவிசை; Ri உள் உருளையின் ஆரம், Ro கப்பின் ஆரம், L உருளையின் நீளம், Ω சுழலும் வேகம். பாகுத்தன்மை μ இப்படி வரும்:

```
μ = T (Ro² − Ri²) / (4π L Ω Ri² Ro²)
```

60 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு ஒரு சுற்று, அதாவது Ω = 6.283 ரேடியன். நீளங்களை மீட்டரில் போடுங்கள். 0.033 பாஸ்கல் நொடி கிடைக்கும், அதுதான் 33 சென்டிபாய்ஸ்.

இதில் ஒன்று விட்டுப்போகிறது. உருளையின் அடிப்பாகமும் கரைசலைத் தேய்க்கிறது, அந்த இழுவையும் ரீடிங்கில் சேர்ந்தே வருகிறது. கப்பின் அடிக்கும் உருளைக்கும் நடுவே 5 மி.மீ. இருந்தால் சுமார் 3% கூடுதல். அதைக் கழித்தால் 32. கப் சரியாக உட்காராமல் அந்த இடைவெளி 2 மி.மீ. ஆகிவிட்டால் 7% வரை கூடிப்போகும். உங்கள் மெஷினில் எவ்வளவு என்று தெரிய, உருளையை 30, 40, 50, 60 மி.மீ. முங்கவிட்டு ரீடிங் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் அடி இடைவெளி மாறக்கூடாது, கரைசலின் மட்டத்தை மட்டும் ஏற்றுங்கள். கிடையில் முங்கிய நீளம், நெடுக்கில் ரீடிங் என்று வரைந்து, வரும் கோட்டைப் பின்னுக்கு நீட்டினால் அது சுழியில் முடியாது, கொஞ்சம் தள்ளி இடப்பக்கம் வெட்டும். அந்தத் தள்ளலை L-உடன் கூட்டிக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் 32.04 என்றெல்லாம் எழுத வேண்டாம். மெஷினின் பிழை முழு அளவில் ±1% என்றால், 50 ரீடிங்கில் அது 2% ஆகிறது. 32 போதும்.

கேள்வி (ராமநாதபுரம், எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர்): சார், எங்க காலேஜ்லயும் இதே அளவு செட்தான். சரியா வேலை செய்யுதான்னு பாக்க தண்ணி ஊத்தி 60 ஆர்பிஎம்ல ஓட்டினேன். ரீடிங் 2.5%, கணக்குப் போட்டா 1.65 சென்டிபாய்ஸ். 30 டிகிரியில தண்ணிக்கு 0.80 தானே வரணும்? மெஷின் கெட்டுப்போச்சா?

பதில்: மெஷின் மேல் பழி போட வேண்டாம் தம்பி. 0.80-க்கு வரவேண்டிய ரீடிங்கே 1.2% தான், பிழையோ ±1%. இந்த மெஷினால் தண்ணீரின் பாகுத்தன்மையை அளக்கவே முடியாது.

ஆனால் நீங்கள் கண்டதில் இன்னொன்றும் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. அந்த சூத்திரம், திரவம் அடுக்கடுக்காக வட்டமாக மட்டும் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு எழுதியது. உள் உருளை சுழலும்போது அதை ஒட்டிய திரவம் வெளியே தள்ளப்படுகிறது. பாகு கெட்டியாக இருந்தால் அந்தத் தள்ளலை அடக்கிவிடும். தண்ணீர் அடக்காது. ஒரு வேகத்தைத் தாண்டியதும் இடைவெளி முழுக்க வளையம் வளையமாகச் சுழல்கள் மேலும் கீழும் அடுக்கி நிற்கும். 1923-ல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் கணக்காலும் சோதனையாலும் காட்டியது இதைத்தான். சுழல் வந்துவிட்டால் முறுக்குவிசை ஏறும், சூத்திரம் அதைப் பாகுத்தன்மை என்று தவறாகப் படிக்கும். உங்கள் அளவுகளுக்குத் தண்ணீரில் அந்த எல்லை ஏறத்தாழ 25 ஆர்பிஎம். நீங்கள் ஓட்டியது 60. பிரெஞ்சு இயற்பியலாளர் கூயே 1890-ல் வெளி உருளையைச் சுழற்றினார், அந்த அமைப்பில் இந்தத் தொல்லை இல்லை.

20-க்கு இறக்கினால் சுழல் போய்விடும், ஆனால் ரீடிங் 0.4% ஆகிவிடும், அதுவும் பயனில்லை. 50 சென்டிபாய்ஸ் அளவில் சான்றிதழோடு வரும் சிலிக்கோன் எண்ணெய் வாங்குங்கள். 60-ல் ரீடிங் 76 பக்கம் நிற்க வேண்டும். அடிப்பாகத்தின் இழுவை சேர்ந்தால் இன்னும் ஒன்றிரண்டு கூடும்.

கேள்வி (கீழக்கரை, ரொம்ப வருசமா லேப் டெக்னீசியன்): இவ்வளவு கணக்கு எதுக்குங்க? ஃபாக்டர் ஷீட் இருக்கு, ரீடிங்கை அதால பெருக்கினா முடிஞ்சுது. நான் இத்தனை காலமா அப்படித்தான் பண்றேன்.

பதில்: நீங்கள் செய்வது சரிதான் ஐயா, அந்த ஷீட்டில் எழுதிய உருளை, கப், வேகம் மூன்றும் மாறாத வரை. மேலே உள்ள அளவுகளுக்கு 60 ஆர்பிஎம்மில் ஃபாக்டர் 0.66. அதே சூத்திரத்தை மடித்து ஒரே எண்ணாக எழுதியிருக்கிறார்கள். கப் உடைந்து, 22-க்குப் பதில் 23 மி.மீ. ஆரமுள்ள ஒன்றை வைத்துவிட்டீர்கள் என்று பாருங்கள். அதே கரைசலுக்கு ரீடிங் 50-லிருந்து 36-க்கு இறங்கும். பழைய ஃபாக்டரால் பெருக்கினால் 33 இருந்த இடத்தில் 23.5 வரும். ஒரே ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை. உப்புக்காற்று படும் ஊரில் கப்பும் உருளையும் அரித்துப் பொரிந்திருக்கிறதா என்றும் அவ்வப்போது வெர்னியர் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (தொண்டி, போட் மெக்கானிக்): நம்ம போட்டுல இழுவையே இல்ல, டார்க் கொறஞ்சுபோச்சு. இந்த மெஷின்ல வச்சுப் பாத்தா தெரியுமாண்ணே?

பதில்: இங்கே பேசுவது வேற டார்க் அண்ணே, எஞ்சின் இழுவைக்கு இது பதில் சொல்லாது. ஆயிலில் டீசல் கலந்திருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் மட்டும் பழைய ஆயிலையும் அதே பிராண்ட் புது ஆயிலையும் ஒரே சூட்டில் வைத்து ரீடிங் பாருங்கள். பழசு நன்றாக இறங்கியிருந்தால் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது.

கேள்வி (மறுபடியும் மண்டபம்): அண்ணே, 33ன்னு சொன்னதே நிக்க மாட்டேங்குது. பத்து நிமிசம் ஓட்டினா ரீடிங் ஏறிக்கிட்டே போகுது. இன்னொண்ணு, 30 ஆர்பிஎம்ல பாதி, 25 வரணும்ல? 28 வருது.

பதில்: முதலாவதுக்குக் கரைசலின் மேற்பரப்பைப் பாருங்கள். 75 டிகிரியில் தண்ணீர் ஆவியாகி, பாலாடை மாதிரி ஒரு ஆடை தண்டைச் சுற்றிப் பிடிக்கும். வில் அதையும் சேர்த்து இழுக்கிறது. ஓட்டத்தை நிறுத்தி, ஆடையைக் கரண்டியால் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ரீடிங் படக்கென்று இறங்கினால் காரணம் அதுதான். மூடி போட்டு ஓட்டுங்கள், மேலே மெல்லியதாக எண்ணெய் விட்டாலும் ஆகும். ஆடை இல்லாமலும் ஏறினால் தெர்மாமீட்டரைக் கப்புக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். வெந்நீர்த் தொட்டியில் 75 காட்டும், உள்ளே அதைவிடக் குறைந்துகொண்டே இருக்கலாம். கராஜீனனில் கப்பா என்னும் வகை ஆறினால் கட்டி பிடிக்கும். பொட்டாசியம் உப்பு கழுவாமல் மிச்சம் இருந்தால் இன்னும் சூடாக இருக்கும்போதே பிடித்துவிடும்.

28 வருவது பற்றி: அதைக் கணக்கில் போட்டால் 37 சென்டிபாய்ஸ். மெதுவாகச் சுழலும்போது கெட்டி, வேகமாகச் சுழலும்போது நெகிழ்வு. இப்படிப்பட்ட பசைக் கரைசல்களில் சகஜம்தான். அதனால் 33, 37 இரண்டுமே பொய்யில்லை. எந்த வேகம், எந்த உருளை என்று கூடவே எழுதினால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். உணவுத்தரத்தில் கேட்பது 75 டிகிரியில் 5 சென்டிபாய்ஸுக்குக் குறையாமல் என்பது, அதில் உங்களுக்குப் பயமில்லை. ஆனால் 5-ஐ ஒட்டி நிற்கும் சரக்கு வந்தால் 60 ஆர்பிஎம்மில் ரீடிங் 7 அல்லது 8 தான் வரும். அந்த இடத்தில் இதை நம்பித் தீர்ப்பு சொல்லாதீர்கள், வேகத்தைக் கூட்டுங்கள்.

இதில் இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. கட்டி பிடிக்கத் தொடங்கிய கரைசல் உருளையின் சுவரை ஒட்டி வழுக்கினாலும் இதே மாதிரிதான் தெரியும். இந்த ஒரு கப்பை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. வேறு இடைவெளியுள்ள கப்பிலும் ஓட்டுங்கள். சுவர் ஓரத்தில் கரைசலின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் வீதம், அதாவது இழுவிகிதம், ஒன்றாக இருக்கும்படி வேகத்தைச் சரிசெய்து, இரண்டு கப்பின் பாகுத்தன்மையும் ஒத்துவருகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.